ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் 6-ஐத் தாண்டியது எப்படி?

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் வாசிப்பிலும் கேட்டலிலும் நல்ல மதிப்பெண் வந்தது. எழுத்து மட்டும் 6-லேயே நின்றது. இலக்கணப் பயிற்சி செய்தேன், கடினமான சொற்களைச் சேர்த்தேன். பயனில்லை.

பயிற்சி மையம் தந்த வார்ப்புரு வாக்கியங்களை நான் சந்தேகிக்கவே இல்லை. அவற்றில் பிழையே கிடையாதே!

ஒருநாள் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வாக்கியங்களையெல்லாம் அடித்தேன். 'இது இன்று பரவலாக விவாதிக்கப்படுகிறது', 'இதற்கு இரு பக்கங்கள் உண்டு' என்பவை போயின. குறைந்தது 250 சொற்கள் வேண்டிய இடத்தில், கேள்விக்கு விடையாக மிஞ்சியது ஏறக்குறைய பாதிதான்.

அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் கூடாது என்பதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்பதே கேள்வி. வார்ப்புரு என்னை நன்மை, தீமை என்று பிரித்து எழுத வைத்திருந்தது. என் நிலைப்பாடு எங்குமே இல்லை. மதிப்பீட்டின் நான்கு அளவுகோல்களில் முதலாவது, கேட்டதற்குப் பதில் சொல்கிறோமா என்பதுதான். மேலும், மெருகேறிய முதல் வரிக்குப் பின் என் சொந்த நடை வரும்போது மொழித்தரம் சட்டென்று இறங்குவது அப்பட்டமாகத் தெரிந்தது.

அதன்பின் 40 நிமிடத்தில் முதல் ஐந்தை என் பதிலை ஒரே வரியில் எழுதச் செலவிட்டேன்: 'உள்ளூர் மாணவர்களுக்கு இலவசம், சுற்றுலாப் பயணிகளுக்குக் கட்டணம்.' ஒவ்வொரு பத்தியும் அந்த வரிக்கே காரணம் சொன்னது.

பேச்சுத் தேர்வுக்கும் மனப்பாடத்தை விட்டேன். ஒப்பித்த பதிலில் குரல் ஏற்ற இறக்கமின்றி ஓடும். மூன்றாம் பகுதியில் 'ஏன்?' என்று கேட்டதும் வேகம் உடையும்.

அடுத்த தேர்வில் எழுத்துக்கு 7 கிடைத்தது. பெரிய நிம்மதி.