தீபாவளி தள்ளுபடிப் பக்கம்: பக்கம் பழசு, தலைப்பு புதுசு

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது, அதன் இணையதளத்தில் தீபாவளி விற்பனைக்கென ஒரு பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பக்கத்தை வருடா வருடம் எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் முகவரி. அது `/deepavali-sale` என்று இருக்கட்டும், வருடம் வேண்டாம். ஒவ்வொரு வருடமும் புதுப் பக்கம் போட்டால், பழைய பக்கத்துக்கு வந்த லிங்குகளை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே `/deepavali-sale-2025` என்று ஒன்று இருந்தால், அதை 301 ரீடைரக்ட் போட்டு இதற்குத் திருப்பிவிடுங்கள்.

அடுத்து தலைப்பும் விவரமும். வருடம் இங்கேதான் வரும்.

```html
<title>தீபாவளி 2026 ஜவுளி தள்ளுபடி | எம்.சி. ரோடு, வண்ணாரப்பேட்டை</title>
<meta name="description" content="பட்டுப்புடவை, சுடிதார், குழந்தைகள் உடைகளுக்குத் தள்ளுபடி. நவம்பர் 8 தீபாவளி வரை, கடையிலும் ஆன்லைனிலும்.">
```

தலைப்புக்கு இத்தனை எழுத்து என்று கூகுள் வரம்பு வைக்கவில்லை. ஆனால் திரையில் இடம் போதாவிட்டால் வால் வெட்டுப்படும். அதனால் பண்டிகை, வருடம், சரக்கு மூன்றும் முன்னால் வரட்டும். ‘மாபெரும் அதிரடி’ என்று ஆரம்பித்தால் இருக்கிற கொஞ்ச இடமும் அதிலேயே போய்விடும். அப்புறம், மாதத்தைத் தலைப்பில் போடாதீர்கள். தீபாவளி 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. தேதி விவரத்தில் இருந்தால் போதும், அதையும் வருடா வருடம் மாற்ற வேண்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் `h1`, அதாவது பக்கத்துக்குள் பெரிதாகத் தெரியும் தலைப்பு. `title`-இல் 2026 என்று மாற்றிவிட்டு, `h1`-இல் 2025-ஐ அப்படியே விட்டுவிடுவார்கள். கூகுள் `title`-ஐ மட்டும் பார்த்துத் தலைப்புக் காட்டுவதில்லை. `h1`, பக்கத்தில் எடுப்பாகத் தெரியும் எழுத்துகள், லிங்கைப் பகிரும்போது காட்டுவதற்கென எழுதும் `og:title` எல்லாவற்றையும் பார்க்கிறது. ஒன்றோடொன்று முரண்பட்டால், தேடலில் பழைய வருடமே தெரியக்கூடும். பழைய வருடத்தைப் பார்த்தவர் ‘இது முடிஞ்சுபோன சேல்’ என்று தாண்டிப் போய்விடுவார். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது வரும் தலைப்பும் பெரும்பாலும் `og:title`-தான். ஆகவே பக்கத்தின் மூலக்குறியைத் திறந்து ‘2025’ என்று தேடுங்கள். பேனர் படத்துக்குள் இருக்கும் எழுத்து அந்தத் தேடலில் சிக்காது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மாற்றியதும் கூகுளின் Search Console-இல் முகவரியைக் கொடுத்து Request Indexing அழுத்துங்கள். கூகுள் மறுபடி வந்து பார்க்கச் சில நாள் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு இந்த வேலையைத் தொடங்கினால் சரியாக இருக்கும். விவரத்தை மட்டும் நாம் எழுதியபடியே காட்டுவார்கள் என்று நம்ப முடியாது. தேடிய சொல்லுக்கு ஏற்றபடி பக்கத்திலிருந்தே வேறு வரியை எடுத்துப் போடுவதும் உண்டு. அதனால் கடைசித் தேதி பக்கத்துக்குள்ளும் எழுத்தாக இருக்கட்டும்.

பண்டிகை முடிந்ததும் பக்கத்தை அழிக்காதீர்கள், தேடலில் காட்ட வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் `noindex`-உம் போடாதீர்கள். தலைப்பிலிருந்து வருடத்தை எடுத்துவிட்டு, விவரத்தை இப்படி மாற்றினால் போதும்: “இந்த வருட விற்பனை முடிந்தது. அடுத்த தீபாவளித் தள்ளுபடி அறிவிப்பு இதே பக்கத்தில் வரும்.”