விட்டுப்போன வாடிக்கையாளரை அழைக்கும்போது செய்யும் தவறுகள்

பிரிண்டர் மை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாங்கியவர் ஆறு மாதமாக வரவில்லை. கடையிலிருந்து மின்னஞ்சல் போகிறது: "எங்களை மறந்துவிட்டீர்களா? 30% தள்ளுபடி, இன்று நள்ளிரவு வரை மட்டும்!"

முதல் வரியே பழி சுமத்துகிறது. அவர் யாரையும் மறக்கவில்லை; பிரிண்டரையே மாற்றியிருப்பார், அல்லது அச்சிடும் வேலை குறைந்திருக்கும். "நீங்கள் இல்லாமல் வாடுகிறோம்" என்பதும் இதே ரகம்தான். மை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே அத்தனை பாசம் ஏது? நள்ளிரவுக் கெடு இன்னும் மோசம். ஆறு மாதம் பேசாமல் இருந்த கடை ஒரே நாளில் முடிவு கேட்கிறது. அடுத்த வாரமும் அதே தள்ளுபடி வந்துவிட்டால் கெடு பொய் என்று தெரிந்துவிடும்.

இதற்குப் பயந்து இடைவெளியைப் பற்றிப் பேசாமலே விடுவதும் சரியல்ல. நேற்று வாங்கியவருக்கு அனுப்பும் அதே விளம்பரம் இவருக்கும் போனால், தன்னை யார் என்றே கடைக்குத் தெரியவில்லை என்று நினைப்பார். மறுபுறம், கடைசியாக வாங்கிய தேதியையும் பார்த்த பக்கங்களையும் அடுக்கினால் வேவு பார்ப்பதுபோல் இருக்கும். தோராயமாகச் சொன்னால் போதும்:

"நீங்கள் மை வாங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும். இப்போது தேவையில்லாமலும் இருக்கலாம். தேவைப்பட்டால், அடுத்த மாதக் கடைசி வரை ஒரு ஆர்டருக்கு டெலிவரி கட்டணம் கிடையாது. பிரிண்டர் மாறியிருந்தால் அதன் மாடலை எழுதுங்கள், பொருந்தும் மையைச் சொல்கிறோம். இனி அஞ்சல் வேண்டாமென்றால் கீழே உள்ள இணைப்பை அழுத்தினால் போதும்."

இங்கே தள்ளுபடிக்குப் பதில் டெலிவரி கட்டணத்தை விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் உண்டு. விலகினால் விலை குறையும் என்று பழகிவிட்டவர், அடுத்த முறை வேண்டுமென்றே காத்திருப்பார்.

அனுப்பும் முன் பட்டியலைச் சலிக்க வேண்டும். தீராத புகாரோடு போனவருக்குச் சலுகை அனுப்பினால் எரிச்சல்தான் கூடும்; அவருக்கு முதலில் புகாருக்கான பதில் போகட்டும். யார் விலகியவர் என்பதை அவரவர் வாங்கும் வழக்கம்தான் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வாங்குபவர் ஆறு மாதம் வராததில் விசேஷம் எதுவும் இல்லை. பதிலே வராதவருக்கு இன்னொரு முறை எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம். பலர் ஸ்பாம் என்று குறித்துவிட்டால், வழக்கமாக வாங்குபவர்களுக்குப் போகும் அஞ்சலும் சிக்கிக்கொள்ளும்.

பலனை எண்ணுவதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. பட்டியலில் 1,000 பேர் என்றால் குலுக்கல் முறையில் 200 பேருக்கு எதுவும் அனுப்பாமல் விடுங்கள். அஞ்சல் பெற்ற 800 பேரில் 48 பேர் திரும்பி வந்தார்கள் என்று வையுங்கள்; அது 6%. அனுப்பாத 200 பேரில் 10 பேர் தாமாகவே வந்தார்கள், அது 5%. அப்படியானால் அந்த 48 பேரில் சுமார் 40 பேர் சலுகை இல்லாமலே வந்திருப்பார்கள். மீதி எட்டுப் பேர்கூட இவ்வளவு சிறிய பட்டியலில் தற்செயலாக இருக்கலாம். இன்னும் இரண்டு மூன்று முறை இதேபோல் பிரித்து அனுப்பிப் பார்த்த பிறகுதான், டெலிவரியை இலவசமாகக் கொடுப்பது கட்டுபடியாகிறதா என்று சொல்ல முடியும்.