மூன்று போசான்கள், இரண்டு நிலைகள்: ஆக்கச் செயலியையும் அழிப்புச் செயலியையும் கையால் கணக்கிட்டு அறிதல்

திருப்பூரில் பனியன் கிடங்கு ஒன்றின் இருப்புப் பதிவேட்டில், எந்தப் பனியன் எந்த அடுக்கில் இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. எந்த அடுக்கில் எத்தனை இருக்கின்றன என்றே எழுதுவார்கள். ஒரே வகைப் போசான்கள் பல இருக்கும்போது இயற்பியலும் அவ்வாறே எழுதுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பனியன்களில் விரும்பினால் சாக்பீஸால் எண் இட்டு ஒவ்வொன்றையும் தனித்து அறியலாம். போசான்களில் அது கொள்கையளவிலேயே இயலாது என்பதால், எண்ணும் கணக்கே மாறிவிடுகிறது.

ஈரோட்டில் முதுகலை மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்தும்போது, ஆக்கச் செயலியின் வரையறையைக் கரும்பலகையில் எழுதியவுடன், "அந்த √ எங்கிருந்துங்க சார் வந்துச்சு?" என்று ஒருவராவது கேட்காமல் இருந்ததில்லை. அது நியாயமான கேள்வி. ஆகவே வரையறையைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, அந்த வர்க்கமூலத்தை முதலில் கையால் கண்டுபிடிப்போம்.

முதற்படி: நிலையை எழுதுதல்

A, B என ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு நிலைகளும், மூன்று போசான்களும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு போசான்கள் A நிலையிலும் ஒன்று B நிலையிலும் உள்ளன. துகள்களுக்கு எண் இட்டால் AAB, ABA, BAA என மூன்று அமைப்புகள் கிடைக்கும். முதல் எழுத்து முதல் துகளின் நிலையையும், இரண்டாம் எழுத்து இரண்டாம் துகளின் நிலையையும் குறிக்கிறது. எந்த இரு போசான்களை இடம் மாற்றினாலும் அலைச்சார்பு மாறக்கூடாது என்பதால், இம்மூன்றையும் சம அளவில் கூட்டியது மட்டுமே ஏற்புடைய நிலையாகும். அதன் நீளம் 1 ஆக இருக்க √3 ஆல் வகுக்கிறோம்.

```
|2,1⟩ = (AAB + ABA + BAA)/√3
|1,2⟩ = (ABB + BAB + BBA)/√3
```

இடப்பக்கத்தில் உள்ள எண்களே இருப்பு எண்கள்: A நிலையில் எத்தனை, B நிலையில் எத்தனை. எண் இட்ட துகள்களாக இருந்தால் மொத்தம் 8 அமைப்புகள் இருந்திருக்கும். போசான்களுக்கு |3,0⟩, |2,1⟩, |1,2⟩, |0,3⟩ என நான்கே உள்ளன. சத்தியேந்திரநாத் போஸ் 1924-இல் ஒளித்துகள்களுக்குக் கையாண்டது இந்த எண்ணும் முறையையே.

இரண்டாம் படி: ஒரு துகளை நகர்த்துதல்

இப்போது T என்னும் செயலியை எடுத்துக்கொள்வோம். அது ஒவ்வொரு துகளாக எடுத்து, அது A நிலையில் இருந்தால் B நிலைக்கு மாற்றும். B நிலையில் இருந்தால் சுழியத்தைத் தரும். இறுதியில் எல்லாவற்றையும் கூட்டும். இதனை மூன்று அமைப்புகளின் மீதும் செயற்படுத்துவோம்.

```
T AAB = BAB + ABB
T ABA = BBA + ABB
T BAA = BBA + BAB
```

வலப்பக்கத்தில் ABB, BAB, BBA ஒவ்வொன்றும் சரியாக இரண்டு முறை வந்திருப்பதைக் கவனியுங்கள். ஆகவே கூட்டுத்தொகையை √3 ஆல் வகுத்தால் `T|2,1⟩ = 2|1,2⟩` என்று கிடைக்கிறது. இந்த 2 என்னும் எண்ணே நாம் தேடியது. இதேபோல் `T|3,0⟩ = √3|2,1⟩` என்பதை ஒரு தாளில் நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த படி அப்போதுதான் இயல்பாகத் தோன்றும்.

மூன்றாம் படி: செயலிகளை வரையறுத்தல்

மேற்கண்ட விடைகளை, துகள்களின் எண்ணிடலை முற்றிலும் மறந்துவிட்டு, இருப்பு எண்களை மட்டும் வைத்துப் பெற வேண்டும். அதற்கு அழிப்புச் செயலி a, ஆக்கச் செயலி a† ஆகியவற்றைப் பின்வருமாறு வரையறுத்தால் போதும்.

```
a |n⟩  = √n |n−1⟩
a†|n⟩ = √(n+1) |n+1⟩
```

B நிலைக்கு உரியவற்றை b, b† என்போம். A-இல் ஒன்றை அழித்து B-இல் ஒன்றை ஆக்குவதே நகர்த்துதல் என்பதால், T-இன் இடத்தில் b†a வருகிறது. `a|2,1⟩ = √2|1,1⟩`, அதன்மீது b† செயற்பட்டால் இன்னொரு √2 பிறக்கிறது, பெருக்கினால் `2|1,2⟩`. மூன்று அமைப்புகளை எழுதி எண்ணிய விடை ஒரே வரியில் வந்துவிட்டது. |3,0⟩-க்கும் √3 × √1 என அதே விடைதான். புதிதாக எந்த இயற்பியலும் இங்கே சேரவில்லை. இம்முறைக்கு வழங்கும் 'இரண்டாம் குவாண்டமாக்கல்' என்னும் பெயர் ஏதோ இரண்டாவது முறையாகக் குவாண்டமாக்குவதைப் போல் ஒலித்தாலும், பழைய கணக்கைப் புதிய பதிவேட்டில் எழுதுவதே இங்கு நிகழ்கிறது. துகள்களின் எண்ணிக்கை மூன்று லட்சமானாலும் b†a அப்படியே இருக்கும் என்பதே இதன் பயன்.

அந்த இரண்டு √2-களும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் பொருளில் வேறானவை. நிகழ்தகவு வீச்சின் வர்க்கம் என்பதால், மாற்றத்தின் வீதத்தில் 2 × 2 = 4 என்னும் காரணி வருகிறது. முதல் 2, A-இலிருந்து கிளம்பக்கூடியவை இரண்டு என்பதைச் சொல்கிறது; எண் இட்ட துகள்களுக்கும் இது உண்டு, அவற்றுக்கு மொத்தக் காரணியே இந்த 2 தான். அடுத்த 2 என்பது n+1. B-இல் ஏற்கெனவே ஒரு போசான் இருப்பதால் புதியது அங்கே சேரும் வீதம் இரட்டிப்பாகிறது. 1927-இல் டிராக் இச்செயலிகளை ஒளியின் உமிழ்வுக்குப் பயன்படுத்தியபோது, 1916-இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த தூண்டப்பட்ட உமிழ்வு இந்த n-இலிருந்தும், தன்னியல்பான உமிழ்வு அந்த 1-இலிருந்தும் தாமாக வெளிவந்தன.

நான்காம் படி: சரிபார்த்தலும் வழக்கமான பிழைகளும்

n = 2 என்று வைத்து வரிசையை மாற்றிப் பாருங்கள்: `a†a|2⟩ = 2|2⟩`, ஆனால் `aa†|2⟩ = 3|2⟩`. எந்த n-க்கும் இந்த வேறுபாடு 1 தான், அதாவது `aa† − a†a = 1`. a†a இருப்பு எண்ணையே தருவதால் அதனை எண் செயலி என்கிறோம். √n, √(n+1) இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டோமோ என்ற ஐயம் வந்தால், a†a-இன் விடை n ஆக இருக்கிறதா என்று பார்ப்பதே விரைவான சோதனை. A, B நிலைகள் செங்குத்தானவை என்பதால் a-உம் b†-உம் எந்த வரிசையில் வந்தாலும் விடை மாறாது. செங்குத்தாக இல்லாத நிலைகளைத் தேர்ந்தால் இவ்விதி உடைந்துவிடும்.

மாணவர்கள் மிக அதிகமாகத் தடுமாறுவது |0⟩ என்பதிலும் 0 என்பதிலும்தான். |0⟩ என்பது துகள் இல்லாத, நீளம் 1 கொண்ட ஒரு நிலை. காலியான அடுக்குக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு என்பதைப் போல. `a|0⟩ = 0` என்பதோ எந்த நிலையும் இல்லை என்று பொருள்படும். அதற்குப் பின் எந்தச் செயலி வந்தாலும் விடை சுழியமே.

கணினியில் இதனைச் செய்வோருக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. n-க்கு மேல்வரம்பு இல்லாததால், செயலியைக் குறிக்கும் அணியை எங்கேனும் வெட்டியாக வேண்டும்.

```python
import numpy as np
d = 4
a = np.diag(np.sqrt(np.arange(1, d)), 1)
print(np.diag(a @ a.T - a.T @ a))
```

நான்கு முறை 1 வர வேண்டிய இடத்தில் 1, 1, 1, −3 என்று வருகிறது. வரம்புள்ள எந்த அணிகளாலும் இதனைத் தவிர்க்க முடியாது. aa†, a†a இரண்டின் மூலைவிட்டக் கூட்டுத்தொகையும் சமம் என்பதால், வேறுபாட்டின் கூட்டுத்தொகை சுழியமாகியே தீரும். நம் மூன்று போசான்களுக்கு b†a-ஐக் கணக்கிட d = 4 போதுமானது, ஏனெனில் எந்த இடைநிலையிலும் இருப்பு எண் 3-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் |3,0⟩-இன் மீது aa† என்று எழுதினால், a† முதலில் நான்காவது போசானை ஆக்க முயன்று, அதற்கு அணியில் இடமில்லாததால், 4 வர வேண்டிய இடத்தில் 0 வந்துவிடும்; அங்கே d = 5 என்று கூட்டிக்கொள்ள வேண்டும், அல்லது aa†-ஐ a†a + 1 என்று மாற்றி எழுதிவிட்டுக் கணக்கிட வேண்டும்.