நர்சிங் கட்டுரையில் பாராஃப்ரேஸ்: சொல்லை மட்டும் மாற்றும் தவறு

ஜர்னலில் உள்ள ஒரு வாக்கியத்தை எடுத்து, சொற்களை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டுவிட்டால் பாராஃப்ரேஸ் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெயர் போட்டிருந்தாலும் இதைக் கருத்துத் திருட்டு என்று மதிப்பீட்டாளர் சொல்லலாம், சொல்லவும் செய்வார். வாக்கியத்தின் எலும்புக்கூடு இன்னும் மூல ஆசிரியருடையதுதானே. இப்படி எழுதுவதைக் கல்வி எழுத்து பற்றிப் பேசுபவர்கள் பேட்ச்ரைட்டிங் என்கிறார்கள். நர்சிங் கட்டுரையில் இதற்கு இன்னொரு கெடுதியும் உண்டு: மாற்றக் கூடாத சொல்லை மாற்றினால் மருத்துவப் பொருளே தவறிப்போகும்.

ஒரே ஓர் ஆய்வை வைத்து இதைப் பார்ப்போம். படுக்கைப் புண் வராமல் தடுக்க நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது நெடுங்கால வழக்கம். அது எல்லோருக்கும் அவசியமா என்று சோதித்தது, நான்சி பெர்க்ஸ்ட்ரோம் குழு 2013-ல் வெளியிட்ட டர்ன் ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்களில், 65 வயதோ அதற்கு மேலோ ஆன 942 பேரிடம் அது நடந்தது. சேரும்போது யாருக்கும் புண் இல்லை. புண் வரும் ஆபத்தை அளக்கும் பிரேடன் அளவுகோலில் 10 முதல் 14 வரை மதிப்பெண் பெற்றவர்கள், அதாவது மிதமான அல்லது அதிக ஆபத்தில் இருந்தவர்கள். எல்லோருக்கும் அடர்த்தி மிகுந்த நுரை மெத்தை. 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் ஒன்று ஒவ்வொருவருக்கும் குலுக்கல் முறையில் அமைந்தது. மூன்று வாரம் கவனித்ததில், புதிதாகப் புண் வந்தவர்களின் விகிதத்தில் மூன்று குழுக்களுக்கும் இடையே புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இதன் முடிவை ஜர்னல் நடையில் நானே ஒரு வாக்கியமாகச் சுருக்குகிறேன். இதையே மூலம் என்று வைத்துக்கொள்வோம்: "அடர்த்தி மிகுந்த நுரை மெத்தையில் படுத்திருந்த, மிதமான அல்லது அதிக ஆபத்தில் இருந்த முதியோர் இல்லவாசிகளை 2, 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியபோது, மூன்று வாரத்தில் படுக்கைப் புண்ணின் நிகழ்வு வீதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை."

வழக்கமாக வரும் பாராஃப்ரேஸ் இப்படி இருக்கும்: "செறிவான ஃபோம் படுக்கையில் இருந்த, நடுத்தர அல்லது உயர் அபாயம் கொண்ட முதியோர் விடுதியினரை 2, 3 அல்லது 4 மணிக்கு ஒருமுறை புரட்டியபோது, மூன்று வாரத்தில் படுக்கைப் புண்ணின் பரவலில் முக்கியமான வித்தியாசம் தெரியவில்லை."

இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துப் படித்தால் விஷயம் தெரிந்துவிடும். மெத்தை, ஆபத்து, இடம், இடைவெளி, காலம், முடிவு: வரிசை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு மாற்றுச்சொல் உட்கார்ந்திருக்கிறது. இதை எழுதியவர் மூலத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்று அடித்துச் சொல்லலாம்.

அதைவிட மோசம், நிகழ்வு வீதம் பரவல் ஆகிவிட்டது. நிகழ்வு வீதம் என்பது அந்தக் காலத்துக்குள் புதிதாகப் புண் வந்தவர்களைச் சொல்வது. பரவல் என்பது ஒரு நேரத்தில் ஏற்கெனவே புண் இருப்பவர்களையும் சேர்த்துச் சொல்வது. சேரும்போது யாருக்குமே புண் இல்லாத ஆய்வில் பரவலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? அதேபோல, "குறிப்பிடத்தக்க" என்பது இங்கே புள்ளியியல் சொல். அதை "முக்கியமான" என்று மாற்றினால், சிகிச்சைக்கு முக்கியமா இல்லையா என்ற வேறொரு கேள்விக்குப் பதில் சொன்னது போலாகிவிடும்.

ஆக, அளவுகோலின் பெயர், ஆய்வு வகை, மருந்தின் பெயர், நிகழ்வு வீதம் போன்ற துறைச்சொற்கள், எண்கள், அலகுகள் ஆகியவற்றை மாற்றத் தேவையில்லை. அவை யாருக்கும் சொந்தமான நடை அல்ல. அப்படியே எழுதலாம், மேற்கோள் குறியும் வேண்டாம். அவற்றைச் சுற்றி இருக்கும் வாக்கியத்தைத்தான் புதிதாகக் கட்ட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. டர்ன் ஆய்வில் புதிதாகப் புண் வந்தவர்கள் 2 மணி நேரக் குழுவில் 2.5 சதவீதம், 3 மணி நேரக் குழுவில் 0.6 சதவீதம், 4 மணி நேரக் குழுவில் 3.1 சதவீதம். 0.6-ஐப் பார்த்ததும் "மூன்று மணி நேர இடைவெளியே சிறந்தது என்று பெர்க்ஸ்ட்ரோம் குழு கண்டது" என்று எழுதக் கை பரபரக்கும். அவர்கள் அப்படிக் காணவில்லை. வேறுபாடு குறிப்பிடத்தக்கதல்ல என்பதுதான் அவர்கள் முடிவு. உங்கள் ஊகத்தை அவர்கள் பெயரில் எழுதுவது திருட்டு அல்ல என்றாலும் அதற்குக் குறைந்த தவறும் அல்ல. "நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினால் போதும்" என்று மெத்தையையும் முதியோர் இல்லத்தையும் விட்டுவிட்டு எழுதுவதும் இதே ரகம்தான். சாதாரண மெத்தையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளிக்கு அந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை.

சரி, எப்படி எழுதுவது? முதலில் கட்டுரையின் சுருக்கத்தோடு நிற்காமல், முறைகள் பகுதியையும் முடிவுகள் பகுதியையும் படியுங்கள். குறிப்பேட்டில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். யார், எத்தனை பேர், என்ன செய்தார்கள், எத்தனை நாள், என்ன வந்தது என்று துண்டு துண்டாகக் குறித்தால் போதும். ஒரு வரி அப்படியே வேண்டும் என்றால் அந்த நிமிடமே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். பத்து நாள் கழித்து அந்த வரி உங்களுடையதா ஆசிரியருடையதா என்று உங்களுக்கே தெரியாது. அப்புறம் கட்டுரையை மூடிவிட்டு, உங்கள் பத்தி எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறதோ அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். மூலத்தின் தொடக்கத்திலிருந்து தொடங்கினால் அதன் வரிசை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

உங்கள் பத்தி இரண்டு மணி நேர வழக்கத்தைக் கேள்வி கேட்பதாக வைத்துக்கொண்டால், அது இப்படி வரலாம்: "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பும் வழக்கத்தைத் தளர்த்த இடம் இருக்கிறதா என்பதைப் பெர்க்ஸ்ட்ரோம் குழு (2013) முதியோர் இல்லங்களில் சோதித்தது. இடைவெளியை நான்கு மணி நேரம் வரை நீட்டியும் மூன்று வாரத்தில் புண்ணின் நிகழ்வு வீதம் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. ஆனால் அங்கே எல்லோருக்கும் அடர்த்தி மிகுந்த நுரை மெத்தை இருந்தது; அது இல்லாத வார்டுக்கு இந்த முடிவை அப்படியே கொண்டுவர முடியாது." கடைசி அரை வாக்கியம் எழுதியவருடைய கருத்து. மற்றதெல்லாம் ஆய்வினுடையது. எழுதி முடித்த பிறகுதான் மூலத்தைத் திறந்து எண்களையும் நிபந்தனைகளையும் சரிபார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் படித்துவிட்டு வேறு மொழியில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். வரிக்கு வரி மொழிபெயர்த்ததும் மூலத்தின் கட்டமைப்புதான். மென்பொருள் அதைப் பிடிக்காமல் போகலாம், அந்தக் கட்டுரையைப் படித்த ஆசிரியர் பிடித்துவிடுவார்.

அடுத்தது, பெயரை எங்கே போடுவது. ஆறு வரிப் பத்தியின் கடைசியில் மட்டும் ஒரு அடைப்புக்குறி போட்டால், ஆறு வரியும் அந்த ஆய்வா, கடைசி வரி மட்டுமா என்று படிப்பவருக்குத் தெரியாது. ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி, ஒரே மூலத்தின் பாராஃப்ரேஸ் பல வாக்கியங்களுக்கு நீண்டால் முதல் வாக்கியத்திலேயே மூலத்தைச் சொல்ல வேண்டும். அதே பேச்சு தொடர்வது தெளிவாக இருக்கும்வரை வரிக்கு வரி திரும்பப் போட வேண்டாம். நடுவில் இன்னொரு ஆய்வு நுழைந்தாலோ, புதிய பத்தி தொடங்கினாலோ மறுபடி சொல்லுங்கள். மேலே உள்ள மாதிரிப் பத்தியில் பெயர் முதல் வாக்கியத்திலேயே வருவது அதனால்தான்.

அதே ஆய்வு ஏபிஏ முறையிலும் வான்கூவர் முறையிலும் பட்டியலில் எப்படி வரும் என்று பாருங்கள்.

```
Bergstrom, N., Horn, S. D., Rapp, M. P., Stern, A., Barrett, R.,
& Watkiss, M. (2013). Turning for Ulcer ReductioN: A multisite
randomized clinical trial in nursing homes. Journal of the
American Geriatrics Society, 61(10), 1705–1713.
https://doi.org/10.1111/jgs.12440

1. Bergstrom N, Horn SD, Rapp MP, Stern A, Barrett R, Watkiss M.
Turning for Ulcer ReductioN: a multisite randomized clinical trial
in nursing homes. J Am Geriatr Soc. 2013;61(10):1705-13.
```

முதலாவது ஏபிஏ. அதில் ஜர்னலின் முழுப் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் வரும். இதழ் எண் சாய்வெழுத்தில் வராது. இரண்டாவது வான்கூவர். அங்கே ஜர்னல் பெயர் சுருக்கமாக வரும். சுருக்கத்தை நாமே உருவாக்கக் கூடாது, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் உள்ளதை எடுக்க வேண்டும். இரண்டையும் கலப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை: எண் முறையில் எழுதிய கட்டுரையில் திடீரென ஒரு இடத்தில் பெயரும் ஆண்டும் தலைகாட்டும். பெரும்பாலும் பழைய அசைன்மென்டிலிருந்து ஒட்டிய பத்தி அது.

தலைப்பில் ReductioN என்று கடைசி எழுத்து பெரிதாக இருப்பது அச்சுப்பிழை அல்ல. TURN என்ற சுருக்கப் பெயர் தெரிவதற்காக ஆசிரியர்களே அப்படி வைத்தார்கள். Zotero, Mendeley போன்ற குறிப்புப் பட்டியல் மென்பொருள்கள் எழுத்து வடிவத்தைத் தாங்களாகத் திருத்தும்போது இந்த மாதிரி இடங்களில்தான் தடுக்கி விழும். இறக்கிய பதிவை ஒருமுறை கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வேறொருவர் சுருக்கிச் சொன்னதைப் படித்துவிட்டு மூலத்தைப் படித்தது போல எழுதுவது. ஒரு பாடநூலில் டர்ன் ஆய்வைப் பற்றி நான்கு வரி படித்திருந்தால், நீங்கள் படித்தது பாடநூலைத்தான். மூலம் கிடைக்கவே இல்லை என்றால், அந்த நூல் வழியாக எடுத்ததென்று சொல்ல ஏபிஏயில் வழி உண்டு. ஆனால் மூலத்தைத் தேடிப் படிப்பதே நல்லது. பாடநூல் நான்கு வரிகளில் விட்டுவிடுவது பெரும்பாலும் அந்த மெத்தையைத்தான்.

திருட்டைத் தேடும் மென்பொருள் தரும் ஒற்றுமைச் சதவீத அறிக்கையை இதற்கெல்லாம் தீர்ப்பாக எடுக்காதீர்கள். குறிப்புப் பட்டியலும், அளவுகோல்களின் பெயர்களும், எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் முறைகள் பகுதியும் சதவீதத்தை ஏற்றிவிடும். மேலே பார்த்த "புரட்டியபோது" வாக்கியமோ குறைந்த சதவீதத்தோடு நழுவிப் போகலாம். அறிக்கையில் வண்ணம் பூசிய இடங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் துறைச்சொல்லா அல்லது எடுத்த வாக்கியமா என்று பாருங்கள். வாக்கியம் என்றால் அங்கங்கே சொல் மாற்றி வண்ணத்தை மறைக்க முயலாமல், அந்தப் பத்தியை அழித்துவிட்டுக் குறிப்பேட்டிலிருந்து மறுபடி எழுதுங்கள்.