கோல்ஃபில் குறி பார்த்து நிற்பது: தரையில் இரண்டு கிளப் வைத்துப் பழகும் முறை

கோல்ஃபில் பந்துக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, இலக்கை ஓரக்கண்ணால் பார்த்து அடிக்கிறோம். நிற்கும் திசை தவறுவதற்கு இதுவே முதல் காரணம். வலது கைக்காரர்களில் புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் கொடிக்கு வலப்பக்கமாகத் திரும்பி நிற்கிறார்கள். நேராகத்தான் நிற்கிறோம் என்று சத்தியமே செய்வார்கள். கண்ணை நம்பாமல் தரையில் கிடக்கும் கிளப்பை நம்புவதுதான் இந்தப் பயிற்சி. கீழே எல்லாமே வலது கைக்காரருக்காக எழுதியது. இடது கைக்காரர்கள் வலத்தை இடமாகவும் இடத்தை வலமாகவும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கண் ஏன் ஏமாற்றுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். குனிந்து நிற்கும்போது நம் கண்கள் தோள்களுக்கு முன்னால், பந்தின் பக்கமாக வந்துவிடுகின்றன. அங்கிருந்து தலையைத் திருப்பி, இடது தோள் நுனிக்கு நேரே கொடி தெரியும்படி நின்றால், தோள்கள் கொடியைப் பார்ப்பதாகத் தோன்றும். உண்மையில் தோள்கோடு கொடிக்கு வெகு வலப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். சரியாக நின்றால் தோள் பார்வைக்குக் குறுக்கே வராது, கொடி தடையில்லாமல் தெரியும். பழக்கமில்லாதவருக்கு அது இடப்பக்கம் திரும்பி நிற்பதுபோல இருக்கும். இந்த உறுத்தலை நினைவில் வையுங்கள், பின்னால் இது தேவைப்படும்.

நமக்கு வேண்டியது தண்டவாளம் மாதிரி இரண்டு இணைகோடுகள். வெளிக்கோட்டில் பந்து இருக்கிறது, அது கொடிக்குப் போகிறது. உள்கோட்டில் நாம் நிற்கிறோம். பாதம், இடுப்பு, தோள் மூன்றும் இதோடு ஒத்துப்போக வேண்டும். உள்கோடு கொடியைத் தொடாது, கொடிக்குச் சற்று இடப்பக்கமாகப் போகும்.

தேவையானவை

மூன்று அயர்ன் போதும். இரண்டு தரைக்கு, ஒன்று கையில். அடிப்பதற்கு செவன் அயர்ன் வசதி. டிரைவரைத் தரையில் போடாதீர்கள். அதன் தலை பெரிது, ஷாஃப்ட் ஒரு முனையில் தூக்கிக்கொண்டு நிற்கும். அலைன்மென்ட் ஸ்டிக் இருந்தால் அதையே வைக்கலாம்.

படி 1: முதல் கிளப்பை இலக்குக்கு நேரே போடுங்கள்

டிரைவிங் ரேஞ்சில் ஒரு கொடியையோ கம்பத்தையோ தேர்ந்தெடுங்கள். "அந்தப் பக்கம்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் இந்தப் பயிற்சிக்கு அர்த்தமே இல்லை. ஓர் அயர்னைத் தரையில் வைத்து, மூன்று நான்கு அடி பின்னால் போய் நின்று, ஷாஃப்ட் வழியாகக் கொடியைப் பாருங்கள். நேராக இல்லையென்றால் திருத்துங்கள், மறுபடி பின்னால் போய்ப் பாருங்கள். குனிந்த நிலையில் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்துவது வீண் வேலை. கிளப்பின் தலை உங்கள் பக்கம் வராமல் வெளிப்பக்கம் பார்க்கட்டும்.

மேட் மேல் நின்று பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேட்டின் ஓரம் ரேஞ்சின் நடுவைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும், உங்கள் கொடியைப் பார்த்து அல்ல. பாதங்கள் தெரியாமலே அந்த ஓரத்தோடு ஒத்துப்போய்விடும். கிளப்பும் மேட்டின் ஓரமும் கோணலாகத் தெரிந்தால், கிளப்பையே நம்புங்கள்.

படி 2: பந்தும் இரண்டாவது கிளப்பும்

முதல் கிளப்பிலிருந்து ஒரு சாண், அதாவது சுமார் 20 செ.மீ., உங்கள் பக்கமாகத் தள்ளிப் பந்தை வையுங்கள். கிளப்பைப் பந்துக்கு ஒட்டி வைத்தால் ஸ்விங்கில் ஷாஃப்டை அடித்துவிடுவீர்கள். கிளப்பும் போகும், மணிக்கட்டும் வலிக்கும். இந்த ஒரு சாண் விலகல் கொடிவரை போனாலும் ஒரு சாண்தான், அதனால் கவலை வேண்டாம்.

இனி செவன் அயர்னோடு வழக்கம்போல நின்று, கால்விரல் நுனி எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கே இரண்டாவது கிளப்பைப் போடுங்கள். இது முதல் கிளப்புக்கு இணையாக இருக்கிறதா என்று கையிலிருக்கும் செவன் அயர்னாலேயே அளக்கலாம். ஒரு முனையில் இரண்டு ஷாஃப்டுக்கும் குறுக்கே செவன் அயர்னை வைத்து, இரண்டாவது ஷாஃப்ட் வரும் இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விரலை எடுக்காமல் அப்படியே மறுமுனைக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஷாஃப்ட் விரலுக்கு நேரே வந்தால் சரி. வராவிட்டால் இரண்டாவது கிளப்பை நகர்த்துங்கள், முதலாவதைத் தொடாதீர்கள்.

படி 3: முதலில் கிளப்ஃபேஸ், பிறகு பாதம்

செவன் அயர்னைப் பந்துக்குப் பின்னால் வைத்து, கிளப்ஃபேஸின் கீழ்விளிம்பு முதல் கிளப்புக்குச் செங்குத்தாக இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அப்புறம்தான் கால். காலை முதலில் ஊன்றிவிட்டால், அதற்கேற்ப கிளப்ஃபேஸைத் திருப்பத் தோன்றும்.

இரண்டு பாதங்களையும் இரண்டாவது கிளப்பின் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக, விரல்நுனி அதைத் தொடும்படி வையுங்கள். பலரும் இடது பாதத்தை இலக்குப் பக்கம் கொஞ்சம் விரித்து நிற்பார்கள். அது நல்லதுதான். ஆனால் விரிக்கும்போது குதிகால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், விரல்நுனி மட்டும் திரும்ப வேண்டும். அப்போது இடது விரல்நுனி ஷாஃப்டிலிருந்து ஓரிரு விரல்கடை பின்வாங்கும். அந்த இடைவெளியை அப்படியே விடுங்கள். "விரல் தொடவில்லையே" என்று பாதத்தை முன்னால் நகர்த்தினால் இடது குதிகாலும் முன்னால் வந்து, கால்கள் வலப்பக்கம் திரும்பிவிடும். சந்தேகம் வந்தால் குதிகால்களைக் கொண்டு சரிபாருங்கள், விரல்நுனி ஏமாற்றும்.

படி 4: இடுப்பு

செவன் அயர்னை இரண்டு கைகளாலும் கிடைமட்டமாகப் பிடித்து, தொடைகளின் மேற்பகுதியில் படும்படி வைத்துக் கீழே பாருங்கள். தரையில் கிடக்கும் ஷாஃப்டும் இதுவும் இணையாகத் தெரிய வேண்டும். பாதம் சரியாக இருந்தால் இடுப்பு பெரும்பாலும் தானாகவே சரியாக வரும்.

படி 5: தோள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பாதங்கள் பிசகாமல் இருக்கும்போதே தோள்கள் வேறு திசையைப் பார்க்க முடியும், அடி போகும் பாதையைப் பாதங்களைவிடத் தோள்கள்தான் அதிகம் தீர்மானிக்கும். கிரிப்பில் வலது கை இடது கைக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கையை எட்டி நீட்டிப் பிடித்தால் வலது தோள் முன்னால் வந்து, தோள்கோடு இலக்குக்கு இடப்பக்கம் திறந்துவிடும். பந்தை இடது காலுக்கு மிக நெருக்கமாக வைத்தாலும் இதேதான் நடக்கும். செவன் அயர்னுக்குப் பந்து ஸ்டான்ஸின் நடுவில், அல்லது அதிலிருந்து மிகக் கொஞ்சம் இடப்பக்கம் இருந்தால் போதும்.

மார்புக்குக் குறுக்கே கிளப்பை வைத்துப் பார்ப்பது எல்லோரும் சொல்லும் சோதனை. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, ஏனென்றால் கிரிப்பை விட்டுவிட்டுப் பார்க்கும்போது வலது கை செய்யும் குளறுபடியும் மறைந்துவிடுகிறது. போன் கேமரா இன்னும் நம்பகமானது. உங்கள் கை உயரத்தில், பாதக்கோட்டுக்கு நேர் பின்னால் வைத்து, அடிக்கத் தயாராக நிற்பதைப் படமெடுங்கள். படத்தில் இரண்டு முன்கைகளும் கிட்டத்தட்ட ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிய வேண்டும். வலது முன்கை பந்துப் பக்கமாக வெளியே தள்ளியிருந்தால் தோள் திறந்திருக்கிறது. இடது முன்கை வெளியே எட்டிப் பார்த்தால் தோள் வலப்பக்கம் மூடியிருக்கிறது.

திருத்துவது சுலபம். இடது கையால் மட்டும் கிளப்பைப் பிடித்து நில்லுங்கள், வலது கை தொங்கட்டும். வலது தோளைச் சற்றுத் தாழ்த்தி, கையை அடியிலிருந்து கிரிப்புக்குக் கொண்டுவாருங்கள், முன்னால் எட்டாதீர்கள்.

ஓர் உதாரணம்

150 கெஜத்தில் கொடி. ஆடுபவர் தன் இயல்பில் நிற்கிறார், அவர் விரல்நுனியை ஒட்டி ஒரு கிளப்பைப் போட்டுவிட்டு விலகச் சொல்கிறோம். பின்னாலிருந்து பார்த்தால் ஷாஃப்ட் வெளிக்கோட்டுக்கு இணையாக இல்லை. செவன் அயர்ன் நீளத்துக்கு, அதாவது 94 செ.மீ.க்கு, முன்முனை 8 செ.மீ. வலப்பக்கம் போயிருக்கிறது. தரையில் இது நான்கு விரல்கடைதான், கோணத்தில் 5 டிகிரி. 150 கெஜத்தில் அது 13 கெஜம் ஆகிவிடும். பல கிரீன்களில் கொடியைக் குறிவைத்த பந்து கிரீனுக்கு வெளியே விழ இது போதும்.

ஆனால் அவர் பந்து கொடிப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது! டிவட்டை, அதாவது அடியில் புல் பெயர்ந்த தடத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். அது ஷாஃப்ட் காட்டும் திசையில் இல்லாமல், அதற்கு இடப்பக்கமாகக் கிழிந்திருக்கிறது. வலப்பக்கம் நின்றதை ஈடுகட்ட, அவர் தெரியாமலே கிளப்பை உடலுக்குக் குறுக்கே இடப்பக்கம் இழுத்து அடித்திருக்கிறார்.

இப்போது அவரைச் சரியாக நிற்கவைத்தால் என்ன நடக்கும்? பந்து கொடிக்கு இடப்பக்கம் போகும். நிற்கும் திசை மாறியது, இழுக்கும் பழக்கம் மாறவில்லை. இங்கேதான் பலர் "கிளப் வைத்த பிறகு மோசமாகிவிட்டது" என்று பழையபடி நிற்கத் தொடங்குகிறார்கள். கூடவே, இடப்பக்கம் திரும்பி நிற்பதுபோன்ற அந்த உறுத்தலும் சேர்ந்துகொள்ளும். இந்த நிலையில் கிளப்பை நகர்த்தாதீர்கள். அரை வேகத்தில் அடித்து, டிவட் தரையிலிருக்கும் ஷாஃப்டுக்கு இணையாக வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். மேட் மேல் அடிப்பவருக்கு டிவட் கிடையாது. பந்து கிளம்பும் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். டிவட் இணையாக வரத் தொடங்கினால் பந்தும் கொடியை நோக்கித் திரும்பிவிடும்.

ஆட்டத்தில்

நிஜ ஆட்டத்தில் நிற்க உதவியாகக் கிளப்பையோ ஸ்டிக்கையோ தரையில் வைக்கக்கூடாது. 2019 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளில் 10.2b இதைச் சொல்கிறது. வைத்து நின்றுவிட்டு, அடிக்கும் முன் எடுத்தாலும் தண்டனை தப்பாது: ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக், மேட்ச் பிளேயில் அந்த ஹோலே போய்விடும்.

அதற்குப் பதில், ஜாக் நிக்லாஸ் செய்ததைச் செய்யலாம். பந்துக்குப் பின்னால் நின்று, கொடிக்கு நேராக, பந்துக்குச் சில அடி முன்னால் ஒரு பழைய டிவட்டையோ நிறம் மாறிய புல்லையோ குறித்துக்கொள்ளுங்கள். கிளப்ஃபேஸை அந்தக் குறிக்கு நேராக வைத்து, மனதில் பந்துக்கும் அதற்கும் ஒரு கோடு போட்டு, பாதங்களை அதற்கு இணையாக ஊன்றுங்கள். தூரத்துக் கொடியைவிட இந்தக் கோட்டுக்கு இணையாக நிற்பது எளிது. ரேஞ்சிலேயே சில பந்துகளுக்கு ஒருமுறை தரையிலிருக்கும் கிளப்களை எடுத்துவிட்டு இப்படி நின்று பாருங்கள், பிறகு விரல்நுனியில் ஒரு கிளப்பைப் போட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பின்னால் போய்ப் பாருங்கள். விலகல் இரண்டு விரல்கடைக்குள் இருந்தால் ஆட்டத்துக்கு அது போதும்.