பாக்கெட்டில் பேட்ச் எண் உண்டு, மாவு டிரம்மில் இல்லை

உட்லண்ட்ஸில் சின்ன யூனிட் எடுத்து முறுக்கு போட்டு, தேக்கா கடைகளுக்குக் கொடுக்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாவு வியாபாரி கூப்பிடுகிறார்: "அண்ணே, ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கொடுத்த கடலை மாவுல ஒரு லாட்ல நிலக்கடலை கலந்துபோச்சு. உங்களுக்கு ரெண்டு மூட்டை வந்திருக்கு."

பாக்கெட்டில் நிலக்கடலை என்று போடவில்லை. சிங்கப்பூரில் அதைக் குறிப்பிடுவது கட்டாயம். ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர் ஆபத்து. ஆகவே சரக்கைத் திரும்ப எடுத்தே ஆகவேண்டும். எத்தனை பாக்கெட்?

ஒரு பேட்சுக்கு 5 கிலோ கடலை மாவு. 25 கிலோ மூட்டை இரண்டு என்றால் 10 பேட்ச். பேட்சுக்கு 150 பாக்கெட் வீதம் 1,500. ஆனால் இவர் மூட்டையைப் பிரித்ததும் டிரம்மில் கொட்டுகிறார், அடியில் பழைய மாவு இருக்கும்போதே. பதிவேட்டில் "கடலை மாவு 5 கிலோ" என்று மட்டும் இருக்கிறது. எந்த லாட் எந்த நாளில் போனது என்று யாருக்கும் தெரியாது. நாளுக்கு 4 பேட்ச், 12 வேலை நாள்: 48 பேட்ச், 7,200 பாக்கெட் சந்தேகத்தில்.

டிரம் காலியாகித் துடைத்த பிறகுதான் அடுத்த லாட்டைக் கொட்ட வேண்டும். இடமில்லையென்றால் மூட்டையிலிருந்தே அளந்து எடுங்கள். லாட் எண் உள்ள மூட்டைச் சீட்டை வெட்டி அன்றைய தாளில் ஸ்டேப்பிள் அடித்துவிட்டால் கையெழுத்துத் தகராறும் வராது. ஒரே பேட்சில் இரண்டு லாட் கலந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

அப்போதும் கணக்கு அந்த 10 பேட்சோடு நிற்காது. எண்ணெய்ச் சட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உதிர்ந்த தூள் எண்ணெயில் தங்கி அடுத்த பேட்சிலும் ஒட்டும். எண்ணெயை மாற்றிச் சட்டியைக் கழுவும்வரை பொரித்ததெல்லாம் சந்தேகம்தான். எண்ணெய் மாற்றிய நேரத்தையும், உடைந்த முறுக்கைப் பொடித்து எந்தப் பேட்சில் சேர்த்தீர்கள் என்பதையும் குறிக்க வேண்டியது இதனால்தான்.

பேட்ச் எண்ணை பாக்கெட் போட்ட நாளை வைத்துக் கொடுப்பது இன்னொரு தவறு. செவ்வாய் பொரித்த மிச்சமும் புதன் பொரித்ததும் ஒரே எண்ணில் போய்விடும். 120326-2 என்றால் 12 மார்ச் 2026-இல் இரண்டாவதாகப் பிசைந்த மாவு என்று இருக்கட்டும்.

கடைக்குப் போகும் பில்லிலும் அந்த எண் வேண்டும். டெலிவரி தம்பி ஒரு கடையில் விற்காததை எடுத்து அடுத்த கடையில் வைத்துவிட்டு வருவது இங்கே சகஜம். அந்த மாற்றம் எழுதப்படாவிட்டால் பில் காட்டும் கடையில் சரக்கு இருக்காது.

உங்கள் பதிவேடு தேறுமா என்று பார்க்க, ஏதாவது ஒரு கடையிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வாருங்கள். அதன் எண்ணை வைத்து மாவு லாட்டையும், அந்தப் பேட்சின் 150 பாக்கெட்டும் எங்கே போயின என்பதையும் தேடுங்கள். கடைகள், ஸ்டோர், உடைசல், சாம்பிள் எல்லாம் சேர்த்து 130தான் வருகிறதென்றால், மீதி 20 யார் வீட்டில் இருக்கிறது?