காது வலிக்கிற குழந்தைக்கு எண்ணெய் காய்ச்சாதீர்கள்

சளி பிடித்த இரண்டு மூன்று நாளில், நள்ளிரவில் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அழும். உடனே பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சுவோம். அக்கறையில் செய்வதுதான். ஆனால் அந்த எண்ணெய் வலிக்கிற இடத்துக்குப் போகாது.

சளியோடு வரும் காது வலி பெரும்பாலும் செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதில் இருக்கும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து அங்கே ஒரு சிறு குழாய் போகிறது. குழந்தைகளுக்கு அது குட்டை, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் இருக்கும். சளியில் அது வீங்கி அடைத்துக்கொண்டால் உள்ளே நீர் தேங்கி, சீழ் பிடித்து, செவிப்பறையை அழுத்தும். வெளியே ஊற்றுவது செவிப்பறையோடு நின்றுவிடும். பறையில் ஓட்டை விழுந்திருந்தாலோ எண்ணெயும் கிருமியும் நேரே உள்ளே போய்விடும். தாய்ப்பால் விடுவதும் இப்படித்தான்.

இன்னொன்று: எண்ணெய் விட்ட கொஞ்ச நேரத்தில் வலி சட்டென்று நின்று, தலையணை ஈரமானால், ‘எண்ணெய் கேட்டது’ என்று நினைத்துவிடாதீர்கள். பறை கிழிந்து சீழ் வடிந்ததால் அழுத்தம் குறைந்திருக்கும். பெரும்பாலும் அது தானே ஆறிவிடும், ஆனாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். பறை ஆறும்வரை காதுக்குள் தண்ணீர் படக் கூடாது.

அப்போ ராத்திரியில் என்ன செய்வது? பாராசிட்டமால் போதும். இங்கேதான் அடுத்த தவறு: வயதைப் பார்த்து, கண்ணளவில் ஸ்பூனில் கொடுப்பது. எடையைத்தான் பார்க்க வேண்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லியில் 120 என்றிருந்தால் 7.5 மில்லி, 250 என்றிருந்தால் 3.6 மில்லிதான். இரண்டும் ஒரே மாதிரி பாட்டிலில் வருவதால் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். அடுத்த வேளைக்கு 6 மணி நேரம் இடைவெளி, நாளுக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கையும் எடுக்காதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை என்றால் காத்திருக்காமல் காட்டுங்கள். பெரிய குழந்தைக்கு இரண்டு நாளில் வலி குறையாவிட்டாலோ, இரண்டு காதிலும் வலி இருந்தாலோ, காது வடிந்தாலோ மருத்துவரிடம் போங்கள். காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து காது மடல் முன்னே தள்ளி நின்றால், முகம் ஒரு பக்கம் கோணினால், கழுத்து விறைத்தால், குழந்தை துவண்டு கிடந்தால் அந்த ராத்திரியே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பட்டன் பேட்டரியைக் காதில் போட்டிருந்தாலும் அப்படியே. சில மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும்.

வலி போன பிறகும் காது அடைத்த மாதிரி இருக்கும். அழுக்கு என்று பட்ஸ் விடாதீர்கள், அது அழுக்கை உள்ளே தள்ளத்தான் செய்யும். அடைப்பு நடுக்காதில் தேங்கிய நீரால் வருவது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றும். அதற்கு மேலும் கூப்பிட்டால் திரும்பாமல் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்புத்திறன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.